ஆயிரம் இழை, தொள்ளாயிரம் கிராம்

வீடு கட்டிக் குடிபோனபோது வந்த பரிசுகளில் ஒரு பெட்ஷீட் இருந்தது. பெட்டியின் மேல் தங்க எழுத்தில் 1000 என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் ‘த்ரெட் கவுண்ட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தொட்டால் பட்டுப்போல வழுக்கியது. வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். கரூர்ப் பக்கம் தறிப்பட்டறைகளில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா மட்டும் தடவவில்லை. மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி, குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார்.

“என்ன எடை இருக்கும் மாப்ளே இது?”

“துணிக்கு எதுக்கு மாமா எடை? ஆயிரம் இழைன்னு போட்டிருக்கானே.”

“அதுக்குத்தான் கேக்கறேன். ஆயிரம் இழைக்கு இந்த எடை காணாது.”

சமையலறையில் மாவு நிறுக்கும் தராசு இருந்தது. வைத்தோம். 907 கிராம். அளவு 90-க்கு 108 அங்குலம், அதாவது 2.29 மீட்டருக்கு 2.74 மீட்டர். பெருக்கினால் 6.27 சதுர மீட்டர். 907-ஐ அதனால் வகுத்தால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 145 கிராம். இதைத்தான் கடைகளில் ஜிஎஸ்எம் என்கிறார்கள். துண்டு வாங்கும்போது கேட்கிற எண் இது. பெட்ஷீட்டில் யாரும் கேட்பதில்லை. பெட்ஷீட்டுக்கு இழை எண்ணிக்கை, துண்டுக்கு ஜிஎஸ்எம் என்று கடை உலகம் ஆளுக்கொரு எண்ணைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. இரண்டையும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நடுவில் மூன்றாவதாக ஒரு எண் தேவைப்படும். அது எந்தப் பெட்டியிலும் இருக்காது. நூலின் நம்பர்.

நூலுக்கு நம்பர் வைக்கும் முறை பழையது, கொஞ்சம் தலைகீழானது. 840 கெஜம் நீளமுள்ள ஒரு சிட்டம் நூல் ஒரு பவுண்டு எடை இருந்தால் அது ஒன்றாம் நம்பர் நூல். அதே ஒரு பவுண்டில் நாற்பது சிட்டம் கிடைக்கும் அளவுக்கு மெல்லியதாக நூற்றால் நாற்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். லங்காஷயர் மில்கள் விட்டுப்போன இந்தக் கணக்கைத்தான் கரூரிலும் ஈரோட்டிலும் இன்றைக்கும் வாயில் வைத்திருக்கிறார்கள். வேட்டிக் கடையில் எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதே ஆள் பெட்ஷீட் கடையில் இதைக் கேட்பதில்லை.

மெட்ரிக்கில் சொன்னால் ஒன்றாம் நம்பர் நூல் ஒரு மீட்டருக்கு 0.59 கிராம். அறுபதாம் நம்பர் அதில் அறுபதில் ஒரு பங்கு. இழை எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் நெடுக்கே ஓடும் பாவு இழைகளையும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும் எண்ணிக் கூட்டிய தொகை. ஓர் அங்குலத்தில் ஓர் இழை என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் 39.37 இழைகள். அதை 0.59-ஆல் பெருக்கினால் 23 சொச்சம். இழைகள் துணிக்குள் நேர்க்கோடாகப் போவதில்லை, ஒன்றின் மேல் ஏறி அடுத்ததன் கீழ் இறங்கி அலையடித்துப் போகின்றன. அதனால் துணியின் நீளத்தைவிட நூலின் நீளம் சில சதவீதம் கூடுதல். அதையும் சேர்த்து 25 என்று முழுதாக்கிக்கொண்டால் மாமாவின் மனக்கணக்கு கிடைக்கும்: இழை எண்ணிக்கையை நூல் நம்பரால் வகுத்து 25-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம்.

இதில் சில துணிகளைப் போட்டுப் பாருங்கள். நாற்பதாம் நம்பர் நூலில் நெய்த 200 இழை பெட்ஷீட்: 125 கிராம். அறுபதாம் நம்பரில் நெய்த 300 இழை: அதுவும் 125. எண்பதில் நெய்த 400 இழை: அதுவும் அதே 125. மூன்றிலும் இருக்கும் பஞ்சின் எடை ஒன்றே. விலையும் எண்ணும் ஏறிக்கொண்டே போகிறது, துணி கனமாகவில்லை. அதே எடைப் பஞ்சை மெல்லிய நூலாக நூற்று நெருக்கமாக நெய்திருக்கிறார்கள். நேர்மையான இழை எண்ணிக்கை சொல்லும் சேதி இவ்வளவுதான்: நூல் எவ்வளவு மெல்லியது. மெல்லிய நூலுக்கு நீண்ட பஞ்சு வேண்டும், அதைச் சீப்பிட்டுக் குட்டை இழைகளை நீக்க வேண்டும், அதனால் துணி மழமழப்பாக வரும், பிசிறு குறையும். 200-க்கும் 400-க்கும் இடையே கைக்குத் தெரிகிற வித்தியாசம் உண்டு, நான் மறுக்கவில்லை.

இப்போது எங்கள் பரிசுப் பெட்ஷீட்டுக்கு வருவோம். ஜிஎஸ்எம் 145. இழை 1000. கணக்கைத் திருப்பிப் போட்டால் நூல் 172-ஆம் நம்பராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பருத்தி நூல் பெட்ஷீட்டுக்கு நூற்க முடியுமா? பஞ்சின் ஒற்றை இழையை எடுத்துக்கொண்டு யோசித்தால் பதில் கிடைக்கும். அறுபதாம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், சாதாரண நல்ல பஞ்சாக இருந்தால், சுமார் அறுபது இழைகள் தெரியும். 172-ஆம் நம்பரில் அதே பஞ்சு இருபதுக்குச் சற்று மேல்தான் நிற்கும். கயிறு திரிக்கிறவர்களுக்கே தெரியும், நாரின் எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே போனால் முறுக்கு பிடிக்காது. ரிங் ஸ்பின்னிங் எந்திரத்தில் ஐம்பதுக்குக் கீழே இறங்க இறங்க நூல் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போய் அறுந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் பஞ்சிழையே மெல்லியதாக இருக்க வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று உண்டு: 1974-இல் கோயம்புத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சுவின். சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் கலந்து, இரண்டின் பெயரிலிருந்தும் பாதியைப் பிய்த்து ஒட்டிய பெயர். அந்தப் பஞ்சில் 120-ஆம் நம்பர் நூல் வரும், அதற்கு மேலும் நூற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது உயர்ரகச் சட்டைத் துணிக்குப் போகும் நூல். கிரகப்பிரவேசத்துக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கும் விலையில் அதில் ஆறே கால் சதுர மீட்டர் கிடைக்காது.

சரி, நூல் 172 இல்லை, வழக்கமான அறுபதாம் நம்பர்தான் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் இழைக்கு ஜிஎஸ்எம் 400-க்கு மேல் போகும். பெட்ஷீட் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். அது ஜீன்ஸ் துணியின் கனம். அதுவும் நெய்ய முடிந்தால்தான். முடியாது, ஏனென்றால் இடம் பற்றாது. மான்செஸ்டரில் ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பியர்ஸ் என்ற இயற்பியலாளர் 1937-இல் துணியின் வடிவக்கணிதத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அதில் வரும் வாய்ப்பாட்டின்படி அறுபதாம் நம்பர் நூலின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 217-இல் ஒரு பங்கு. இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் ஓர் அங்குலத்தில் 217 இழைக்கு மேல் நுழையாது. ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதாரண நெசவில் இழைகளுக்கு நடுவே குறுக்கு இழை புகுந்து போக வழி விட வேண்டும். அதனால் ஒரு பக்கம் சுமார் 125, இரண்டு பக்கமும் சேர்த்து 250 என்ற அளவில் துணி முட்டிக்கொள்ளும். சாட்டின் நெசவில் ஊடை நான்கு இழைகளுக்கு மேல் தாவி ஐந்தாவதன் கீழ் இறங்குவதால் வழிவிடும் இடங்கள் குறையும், இன்னும் கொஞ்சம் நெருக்கலாம். ஆயிரத்துக்கு அங்கே இடமில்லை.

ஆக, எடையும் ஒத்துவரவில்லை, இடமும் ஒத்துவரவில்லை. அப்படியானால் பெட்டியில் 1000 என்று போட்டவர் எதை எண்ணினார்?

மாமா பிக் கிளாஸை எடுத்துவரச் சொன்னார். ஓர் அங்குலச் சதுர ஓட்டை போட்ட தகட்டின் மேல் லென்ஸை நிறுத்திய சிறு மடக்குக் கருவி அது. மில் ஆட்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். பாவை எண்ணினார்: 180. ஊடையை எண்ணினார்: 102. கூட்டினால் 282.

“உங்க ஆயிரத்துல முக்கால்வாசியக் காணோமே,” என்று சிரித்துவிட்டு, ஓர மடிப்பின் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஊசி முனையால் ஊடை ஒன்றை நெம்பி வெளியே இழுத்தார். வெள்ளைத் துண்டின் மேல் போட்டுத் தேய்த்தார். ஒற்றை நூலாகத் தெரிந்தது முடிபோல எட்டாகப் பிரிந்தது. முறுக்கே இல்லை, பக்கம் பக்கமாகப் படுத்திருந்த எட்டு இழைகள். ஒவ்வொன்றும் பருத்தியில் நினைத்துப் பார்க்கவே முடியாத மெல்லிசு. தீக்குச்சியில் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். இது சுருண்டு உருகி, கறுப்பாகக் கடுகு போலக் கெட்டித்துப் போனது. பாலியஸ்டர்.

இப்போது கணக்கு நேரானது. ஊடை 102 கட்டு, கட்டுக்கு எட்டு இழை, 816. பாவு 180. மொத்தம் 996. ஆயிரம் வந்துவிட்டது. எடையையும் பாருங்கள்: அறுபதாம் நம்பர் பருத்திப் பாவு 180 இழைக்கு ஏறக்குறைய 75 கிராம். மிச்சமுள்ள 70 கிராமை 816 இழைக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 19 டெனியர் வாக்கில் வருகிறது; டெனியர் என்பது 9000 மீட்டரின் கிராம் எடை. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பாலியஸ்டர் இழை அந்தத் தடிமன்தான். 75-க்கு 70 என்றால் பருத்தி 52 சதவீதம், பாலியஸ்டர் 48. பெட்டியின் அடிப்பக்கத்தில் பார்கோடுக்குப் பக்கத்தில் அதே எண்கள் இருந்தன: 52, 48. பெட்டி பொய் சொல்லவில்லை, எந்த உண்மையைத் தங்க எழுத்தில் போடுவது என்பதில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறது.

இது எப்படி நெய்யப்படுகிறது என்பதும் எளிதுதான். பல மெல்லிய இழைகளை முறுக்காமல் பக்கவாட்டில் சேர்த்து ஒரே கோனில் சுற்றிவிடுகிறார்கள். ஏர்ஜெட் தறி ஒரு தடவை காற்றடித்து ஊடையை எறியும்போது எட்டும் ஒன்றாகப் பறந்து போய் ஒரே இடத்தில் விழுகின்றன. தறிக்கு அது ஒரு வீச்சு. பெட்டிக்கு எட்டு.

இதற்கு முன்னோடியான ஒரு தந்திரம் உண்டு. இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூலில் நெய்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணுவது. 300 இழைத் துணி 600 ஆகிவிடும். அமெரிக்காவில் இது முற்றி, அங்குள்ள ஜவுளிச் சங்கம் வர்த்தக ஆணையத்திடம் போனது. 2005-இல் ஆணைய அலுவலர்கள் எழுதிய பதில் கடிதம், இப்படிப் பெருக்கிச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றக்கூடும், வேண்டுமானால் ‘300 இழை, இரட்டை நூல்’ என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றது. அங்கே துணியை எண்ணும் தர முறையிலும் முறுக்கிய இரட்டை நூல் ஒன்று என்றே கணக்கு. முறுக்கிய நூலை ஒன்று என்று எண்ண வேண்டும் என்றதும், சிலர் முறுக்காத கட்டுக்கு மாறிக்கொண்டார்கள். முறுக்கினால்தானே ஒரு நூல், முறுக்காவிட்டால் எட்டு நூல்தானே என்பது அவர்கள் வாதம். வக்கீல்களுக்கு நல்ல வாதம்.

இரட்டை நூலில் தவறு ஒன்றும் இல்லை, அது உறுதியானது. நம் ஊரிலேயே அதற்கு மரியாதையான பெயர் உண்டு: ஈரிழைத் துண்டு. இரண்டு இழையைச் சேர்த்து ஓட்டி நெய்ததால் அந்தப் பெயர். இழை இரட்டை என்பதைத் துணியின் பெயரிலேயே சொல்லி விற்ற ஊரில், அதை எண்ணில் ஒளித்து விற்கும் பெட்டி பரிசாக வந்து சேர்ந்திருக்கிறது.

பெட்ஷீட் ஆராய்ச்சி ருசி கண்டுவிட்டதால் அடுத்த வாரம் நானே ஒரு துண்டு வாங்கிவந்தேன். நம் வீடுகளில் டர்க்கி டவல் என்று சொல்கிறோமே, அது. பெயர் காரணமில்லாமல் வரவில்லை: ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கியில் கைத்தறியில் நெய்த சுருள் துணியைப் பார்த்துவிட்டு எடுத்துவர, அவர் கம்பெனியில் இருந்த சாமுவேல் ஹோல்ட் அதற்கு எந்திரம் செய்தார். 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்கள்.

அந்தச் சுருள் எப்படி வருகிறது என்பது தெரிந்தால் ஜிஎஸ்எம் எதை எடை போடுகிறது என்பதும் தெரியும். டர்க்கி டவலுக்கு இரண்டு பாவு. ஒன்று விறைப்பாக இழுத்துக் கட்டியது, அடித்துணிக்கு. இன்னொன்று தொய்வாக விட்டது, சுருளுக்கு. முதல் இரண்டு ஊடையை அச்சு முழுதாக அடிக்காது, துணியின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே விட்டுவிடும். மூன்றாவது ஊடை போனதும் அச்சு மூன்றையும் சேர்த்து ஓங்கி அடிக்கும். மூன்றும் விறைப்பான பாவின் மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்போது, தொய்வான பாவைத் தங்களோடு தள்ளிக்கொண்டு போகும். போக இடமில்லாமல் அது மேலும் கீழும் எகிறி வளையமாக நிற்கும். எவ்வளவு தூரம் தள்ளி விட்டார்களோ அவ்வளவு உயரம் வளையம். ஒரு மீட்டர் துண்டுக்கு நான்கைந்து மீட்டர் சுருள் நூல் போவது சாதாரணம்.

ஆக, டவலின் எடையில் பெரும்பங்கு வளையத்தில் இருக்கிறது. ஜிஎஸ்எம் கூடினால் வளையம் உயரமாக இருக்கலாம், நெருக்கமாக இருக்கலாம், நூல் தடிப்பாக இருக்கலாம், அல்லது அடித்துணி கனமாக இருக்கலாம். எது என்று எண் சொல்லாது. உயரமான, ஆனால் இடைவெளி விட்ட வளையம் கொண்ட 500-ம், குட்டையாக நெருங்கி நிற்கும் 500-ம் தராசுக்கு ஒன்று. முதலாவதை ஆணியில் மாட்டினால் இழை உருவிக்கொண்டு வரும். கடையில் துண்டை விரல்மேல் மடித்து வளைத்துப் பாருங்கள். வளைந்த இடத்தில் அடித்துணியின் தறிக்கோடு பளிச்சென்று தெரிந்தால் வளையம் அடர்த்தி இல்லை.

நான் வாங்கியது 75-க்கு 150 சென்டிமீட்டர், அட்டையில் 600 ஜிஎஸ்எம். பரப்பு 1.125 சதுர மீட்டர், 675 கிராம் இருக்க வேண்டும். தராசில் 612. வகுத்தால் 544. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருப்பதைத் தொழிலில் பொறுத்துக்கொள்வார்கள், இது ஒன்பது. துண்டின் இரு முனையிலும் வளையம் இல்லாத பட்டை உண்டு, அங்கே துணி மெல்லிசு. சுருள் பகுதியை மட்டும் வெட்டி எடை போட்டு எண் சொல்லியிருந்தால் இந்த இடைவெளியில் ஒரு பங்கு அதற்குப் போகும்.

பிறகு மூன்று முறை துவைத்து, வெயிலில் காயவைத்து மறுபடி எடை போட்டேன். 596 கிராம். கஞ்சி, மழமழப்புக்குத் தடவிய மருந்து, உதிர்ந்த பஞ்சு எல்லாமாகப் பதினாறு கிராம் சாக்கடைக்குப் போயிருந்தது. அளவெடுத்தால் துண்டும் சுருங்கியிருந்தது: 70.5-க்கு 143. பரப்பு 1.008 சதுர மீட்டர். ஜிஎஸ்எம் 591! சரக்கு குறைந்துவிட்டது, எண் ஏறிவிட்டது, அட்டையில் போட்ட 600-ஐ நெருங்கிவிட்டது. ஜிஎஸ்எம் என்பது எடையை மட்டும் பொறுத்தது இல்லை, வகுக்கும் பரப்பையும் பொறுத்தது என்பதை இதைவிட அழகாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பருத்தி காற்றின் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்து எடை போடுவார்கள், அப்போது அதில் எட்டரை சதவீதம் தண்ணீர். வறண்ட நாளுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இதே துண்டில் சுமார் முப்பது கிராம் வித்தியாசம் காட்டலாம். அதனால் பத்துப் பதினைந்து ஜிஎஸ்எம்முக்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கனமான துண்டு நன்றாகத் துவட்டும் என்ற நம்பிக்கையையும் தராசில் ஏற்றிப் பார்த்தேன். குளிப்பதற்கு முன் துண்டை எடை போட்டு, தலையும் உடம்பும் துவட்டிய பின் மறுபடி எடை போட்டால் எவ்வளவு தண்ணீரை எடுத்தது என்று தெரியும். வீட்டில் இருந்தவர்கள் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம். நான்கு நாள் சராசரி 70 கிராம். நான் குள்ளம், தலையில் முடியும் குறைவு, உங்களுக்குக் கூடும். 596 கிராம் துண்டு தன் எடைக்கும் மேலாகத் தண்ணீர் தாங்கும். அதில் எட்டில் ஒரு பங்குகூட நான் கேட்கவில்லை. இரண்டு லிட்டர் குடத்தில் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு, குடம் பெரியது என்று பெருமைப்படுவதைப் போலத்தான்.

துவட்டும்போது நமக்குத் தெரிவது துண்டின் கொள்ளளவு இல்லை, அது எவ்வளவு விரைவாக இழுக்கிறது என்பது. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் தண்ணீர் தானாக ஏறுவதால் நடக்கும் வேலை அது. பஞ்சின் மேல் சிலிக்கான் மழமழப்பு தடவியிருந்தால் தண்ணீர் ஒட்டாமல் உருளும். புது டவல் உடம்பில் வழுக்கிக்கொண்டு ஈரத்தைத் தள்ளிக்கொண்டே போவது அதனால்தான். கடையில் கைக்கு மெத்தென்று இருப்பதும் அதே மருந்தால்தான். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் இன்னும் இரண்டு மூன்று துவைப்பு தேவை, அலசும்போது ஊற்றும் வாசனைத் திரவமும் வேண்டாம், அதுவும் பஞ்சுக்கு மேல் கொழுப்புப் போலப் படிவதுதான்.

எடையின் இன்னொரு பக்கம் கொடியில் தெரியும். அந்த 70 கிராம் தண்ணீர் உயரமான வளையங்களின் அடியில் போய்த் தங்கிக்கொள்கிறது, காற்று அங்கே எட்டாது. என் வீட்டு ஈரிழைத் துண்டு 190 கிராம், வகுத்தால் 170 ஜிஎஸ்எம் வாக்கில். துவட்டிவிட்டு உதறிப் போட்டால் மழைநாளிலும் மதியத்துக்குள் காய்ந்தது. டர்க்கி டவல் மறுநாள் காலை எடுத்தபோதும் நடுவில் சில்லென்றிருந்தது. மூன்றாம் நாள் அந்த வாடை. துவைத்த துணியிலும் வரும் அந்தக் கவிச்சி வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். நம் வியர்வையையும் தோல் எண்ணெயையும் தின்று அமிலம் ஒன்றை வெளியிடுகிறது. அதற்குத் தேவை நேரமும் ஈரமும். 600 ஜிஎஸ்எம் இரண்டையும் தருகிறது. நட்சத்திர ஓட்டலில் தினமும் எடுத்துப்போய் வெந்நீரில் துவைத்து எந்திரத்தில் உலர்த்துகிறார்கள். அங்கே அது சரி. துணி உலர்த்த ஒரு பால்கனி கம்பி மட்டும் இருக்கிற சென்னை வீட்டுக்கு 350, 400-க்கு மேல் எதற்கு என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு இன்னும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

அந்தத் தங்க எழுத்துப் பெட்ஷீட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. சீக்கிரம் காய்கிறது, சுருக்கம் விழுவதில்லை, இஸ்திரி வேண்டாம். ஆனால் பருத்தி எட்டரை சதவீதம் ஈரம் ஏற்கும் காற்றில் பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. சாட்டின் நெசவில் மேலே தாவிக் கிடப்பது ஊடைதான், அதாவது முதுகு படுவது பாலியஸ்டரில். மே மாதம் மின்விசிறி நின்ற இரவில் அது தெரிந்தது. இப்போது ஏசி உள்ள அறையில் விரித்திருக்கிறோம்.

மாமாவைப் பார்க்கப் போன மாதம் கரூர் போனபோது மொத்தக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அடுக்கிலிருந்து வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றை உருவிக் காட்டினார் கடைக்காரர். பெட்டி இல்லை, எண் இல்லை, பாலித்தீன் உறை மட்டும்.

“என்ன நூலுங்க?” என்றேன், பழக்கப்பட்டவன் மாதிரி.

“நாப்பதுக்கு நாப்பதுங்க. தொண்ணூத்திரண்டுக்கு எம்பத்தெட்டு. சாதா நெசவு, முழுக் காட்டன்.”

பாவும் ஊடையும் நாற்பதாம் நம்பர், அங்குலத்துக்கு 92-ம் 88-ம், கூட்டினால் 180. நாற்பதால் வகுத்து 25-ஆல் பெருக்கினால் 112. அதே 90-க்கு 108 அளவுதான், ஆறே கால் சதுர மீட்டர். எழுநூறு கிராம் வர வேண்டும். மாமா என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தராசு இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் பார்சல் நிறுக்கும் மின்தராசு இருந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதன் மேல் தூக்கி வைத்தார். 706 கிராம்.